காலியாகப் போன மடலும் அப்பாவுக்கு ஒரு பதிலும்

வேறு ஊரில் இருக்கும் மகனுக்கு அப்பாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. மேலே "House tax" என்று தலைப்பு இருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு எழுத்தும் இல்லை. தொலைபேசியில் கேட்டால், "நான் எழுத ஆரம்பித்தேன், அதுவே போய்விட்டது" என்கிறார் அப்பா. மெயில் தானாகப் போகுமா என்று மகனுக்குச் சந்தேகம். எழுதிய வார்த்தைகள் எங்கே போயின என்று அப்பாவுக்குக் குழப்பம். போனதைத் திரும்பப் பிடிக்க முடியுமா என்பது இருவரின் கேள்வி. இந்த மூன்றுக்கும் திட்டவட்டமான விடைகள் உண்டு. அப்பாவுக்கு மகன் எழுத வேண்டிய பதில் எப்படி அமைய வேண்டும் என்பதும் அந்த விடைகளைப் பொறுத்ததுதான். அந்தப் பதில், கவனமாக இருக்கச் சொல்லும் அறிவுரையாக இருந்தால் பயன்படாது. இப்போது திரையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவும், அங்கிருந்து ஒரே ஒரு அடி எடுத்து வைக்கவும் அது கற்றுத்தர வேண்டும்.

பழைய பழக்கம், புதிய விசை

ஒரு குறிப்பான நிலைமையை எடுத்துக்கொள்வோம். அப்பா ஓய்வுபெற்ற அலுவலக எழுத்தர். இளமையில் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். இப்போது மேசைக் கணினியில், உலாவி வழியே ஜிமெயில் பயன்படுத்துகிறார். மகனின் முகவரியை இட்டு, தலைப்பை எழுதி, Tab விசையைத் தட்டுகிறார். சரியான செயல்தான், தலைப்புக் கட்டத்திலிருந்து மடல் எழுதும் வெள்ளைப் பரப்புக்கு அது அவரைக் கொண்டுபோகிறது. அடுத்து, பத்தியின் முதல் வரியைச் சற்று உள்தள்ளித் தொடங்க வேண்டும். தட்டச்சுப் பொறியில் அதற்கென்றே இருந்த விசை Tab. ஆகவே விரல் மறுபடியும் அதைத் தட்டுகிறது.

பிசகு இங்கேதான் நேர்கிறது. இணையப் பக்கத்தில் Tab என்பது இடம் விடும் விசை அன்று. ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் விசை. நாம் தட்டும் விசைகள் எந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கணினி எந்நேரமும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. அதை விசைக்குவியம் என்று அழைப்போம். இரண்டாவது Tab அந்தக் குவியத்தை வெள்ளைப் பரப்பிலிருந்து தூக்கி, அடுத்து இருக்கும் Send பொத்தானின் மேல் வைத்துவிடுகிறது. அப்பாவுக்கு இது தெரியவில்லை. பயிலகத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் ஒழுக்கமே, விசைகளையும் அடிக்கும் தாளையும் பாராமல் பக்கத்தில் உள்ள மூலப்படியைப் பார்த்து அடிப்பதுதான். அவர் வரி ரசீதைப் பார்த்தபடி முதல் சொல்லை அடிக்கிறார். பொத்தானுக்கு எழுத்துகள் தேவையில்லை என்பதால் அவை எங்கும் பதிவாகாமல் போகின்றன. முதல் சொல் முடிந்ததும் சொல்லிடைவெளிக்காகக் கட்டைவிரல் Space விசையைத் தொடுகிறது. குவியத்தில் இருக்கும் பொத்தானை அழுத்துவதற்கான விசைகளில் Space ஒன்று. அந்தக் கணத்தில் மடல் போய்விடுகிறது.

ஆக, "அதுவே போய்விட்டது" என்று அப்பா சொன்னது அவர் அனுபவத்தின் நேர்மையான விவரிப்பு. அனுப்ப வேண்டும் என்று அவர் எண்ணவில்லை, Send என்ற சொல்லைத் தொடவும் இல்லை. மென்பொருள் ஏன் தடுக்கவில்லை என்றும் கேட்கலாம். தலைப்பு, உள்ளடக்கம் இரண்டுமே இல்லாதபோதுதான் ஜிமெயில் "இப்படியே அனுப்பவா" என்று கேட்கும். இங்கே தலைப்பு இருந்தது. ஆகவே கேள்வி எழவில்லை.

காலி மடலுக்குள் என்ன இருக்கிறது

அடுத்த கேள்வி, போனது எந்த வடிவத்தில் போனது என்பது. மின்னஞ்சல்களை ஒரு கணினி இன்னொன்றிடம் ஒப்படைக்கும் முறையை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஓர் ஆவணமாக எழுதி வைத்தார். பின்னாளில் திருத்தங்கள் பல வந்தாலும் அடிப்படை உரையாடல் இன்றும் அதுவே. அப்பாவின் மடல் ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குப் போகும் கட்டத்தைச் சுருக்கிக் காட்டினால் இப்படி இருக்கும்:

```
DATA
354 Start mail input; end with <CRLF>.<CRLF>
From: appa@example.com
To: magan@example.com
Subject: House tax

.
250 OK
```

"மடலைத் தருகிறேன்" என்கிறது முதல் வரி. "தொடங்கு, முடிந்ததும் ஒரு புள்ளியைத் தனி வரியில் வை" என்கிறது எதிர்க்கணினி. பிறகு அனுப்புநர், பெறுநர், தலைப்பு. அதன்பின் ஒரு வெற்று வரி. முகவரிப் பகுதி முடிந்தது, இனி மடலின் உடல் என்பதற்கு அந்த வெற்று வரியே எல்லைக்கோடு. நம் மடலில் அதற்கு அடுத்தே முற்றுப்புள்ளி வந்துவிட்டது. (நடைமுறையில் அஞ்சல் சேவைகள் கண்ணுக்குத் தெரியாத சில வடிவமைப்புக் குறிகளை அங்கே இட்டுவைக்கும், படிக்க வேண்டிய எழுத்து எதுவும் இருக்காது.) உடல் இல்லாத மடலும் விதிப்படி முழுமையான மடல்தான். ஆகவே வழியில் உள்ள எந்தக் கணினிக்கும் இதில் கோளாறு இருப்பதாகத் தெரியாது, எதுவும் அதைத் திருப்பி அனுப்பாது.

கடைசி வரியில் இருக்கும் "250 OK" மிக முக்கியமானது. பதிவுத் தபாலைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுப்பது போன்றது அது. அந்தப் பதிலைச் சொன்ன கணினி மடலுக்கான பொறுப்பைத் தான் ஏற்றுக்கொண்டது. சேர்ப்பிக்கவோ, முடியாவிட்டால் தெரிவிக்கவோ அது கடமைப்பட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க இந்த உரையாடலில் ஒரு சொல்லும் கிடையாது. சில அலுவலகங்களின் அஞ்சல் அமைப்பில் மடலைத் திரும்பப் பெறும் வசதி உண்டு. அங்கே இருவரின் பெட்டிகளும் ஒரே நிறுவனத்தின் ஆளுகையில் இருப்பதால் அது சாத்தியமாகிறது. வெளியே உள்ள இருவருக்கிடையே அது செல்லாது.

எழுத்துகள் எங்கே போயின என்ற கேள்விக்கும் இங்கே விடை கிடைக்கிறது. அவை மடலுக்குள் வரவே இல்லை. Sent என்ற உறையில் இருக்கும் நகலைத் திறந்து இதை உறுதி செய்துகொள்ளலாம். அங்கேயும் காலியாக இருந்தால், எழுத்து மடலில் இல்லாமலேயே போயிருக்கிறது. அங்கே எழுத்து இருந்து மகனின் திரையில் மட்டும் இல்லை என்றால், சிக்கல் மகன் பக்கத்துக் காட்சியில். Drafts உறையைத் தேடுவதில் பயனில்லை. எழுதும்போது தானாகச் சேமிக்கப்படும் வரைவு, அனுப்பியவுடன் அனுப்பிய மடலாகவே மாறிவிடுகிறது. தனி நகல் எஞ்சுவதில்லை.

அரை நிமிட அவகாசம்

அப்படியானால் ஜிமெயிலில் இருக்கும் Undo என்ன செய்கிறது? ஒப்படைத்த மடலை அது திரும்பப் பிடிப்பதில்லை. Send அழுத்தியதும் மடலைச் சில விநாடிகள் தன்னிடமே நிறுத்திவைத்து, "Message sent" என்று மட்டும் அறிவிக்கிறது. அந்த இடைவெளியில் Undo அழுத்தினால் உரையாடல் தொடங்குவதே இல்லை. 2009-இல் சோதனை வசதியாக வந்து, 2015-இல் எல்லோருக்கும் உரிய அமைப்பாக ஆனது இது. இயல்பாக இந்த அவகாசம் 5 விநாடி. அமைப்புகளில் "See all settings", அதில் "General", அதில் "Undo Send" என்று போனால் 5, 10, 20, 30 என நான்கு அளவுகள் இருக்கும். 30-ஐத் தேர்ந்து, பக்கத்தின் அடியில் "Save Changes" அழுத்த வேண்டும். அதை அழுத்தாவிட்டால் மாற்றம் பதிவாகாது.

5 விநாடி என்பது முதியவருக்குப் போதாது. ரசீதிலிருந்து கண்ணை எடுக்க வேண்டும், திரையில் எழுத்து இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும், இடது மூலையில் அடியில் தோன்றும் சிறு பட்டையைக் கண்டு படிக்க வேண்டும், மவுஸைப் பிடித்து அங்கே கொண்டுபோக வேண்டும். வயது ஏற ஏற இந்த ஒவ்வொன்றுக்கும் நேரம் கூடுகிறது. அவகாசத்தை 30 ஆக்கிவைப்பது மகன் ஒரு முறை செய்து முடிக்கக்கூடிய வேலை. அப்பாவின் கணினி முன் அமரும் நாளில் அவர் பார்க்கும்படியே அதைச் செய்துவிடலாம். ஆனால் அதுவரை காத்திருக்க முடியாது. இப்போதைக்குப் பதில் எழுத வேண்டும்.

மகனின் பதில்

அப்பாவின் காலி மடலுக்கு மறுமொழியாகவே மகன் எழுதும் செய்தி இப்படி இருக்கலாம்:

> அப்பா, உங்கள் மெயில் வந்தது. "House tax" என்ற தலைப்பு இருக்கிறது, உள்ளே எழுத்து இல்லை. எனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை.
>
> இப்போது செய்ய வேண்டியது:
>
> 1. இந்த மெயிலின் அடியில் Reply என்று இருக்கும். அதை மவுஸால் ஒரு முறை அழுத்துங்கள்.
>
> 2. வெள்ளைக் கட்டம் திறக்கும். அதற்குள் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நிற்கும். அங்கே எழுதலாம்.
>
> 3. பத்திக்கு இடம் விட Tab வேண்டாம். Space ஐந்து முறை தட்டுங்கள். (Tab தட்டினால் கை Send மேல் போய்விடுகிறது. இன்று நடந்தது அதுதான்.)
>
> 4. முதல் வார்த்தை அடித்ததும் திரையைப் பாருங்கள். வார்த்தை தெரிந்தால் தொடருங்கள். தெரியவில்லையென்றால் நிறுத்திவிட்டு, வெள்ளைக் கட்டத்துக்குள் மவுஸால் ஒரு முறை அழுத்துங்கள்.
>
> மறுபடி காலியாகப் போய்விட்டால்: விசைகளிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். இடது பக்கம் அடியில் Message sent என்று பட்டை வரும். அதில் Undo இருந்தால் அழுத்துங்கள், எழுதிய கட்டம் திரும்பத் திறக்கும். பட்டை மறைந்துவிட்டால் பரவாயில்லை. இந்த மெயிலைத் திறந்து 1-லிருந்து செய்யுங்கள்.

ஏன் இந்த வரிசை

செய்தி நிலவரத்தோடு தொடங்குவதற்குக் காரணம் உண்டு. காலியாகப் போனது தெரிந்ததும் அப்பாவின் மனத்தில் எழுவது எப்படிச் சரிசெய்வது என்பதைவிட, எதைக் கெடுத்தோம் என்ற பதற்றம். யாருக்கெல்லாம் போயிற்று, வரி ரசீது விவரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகள் நினைவை அடைத்துக்கொள்ளும். ஒரு வேலையைச் செய்யும்போது அதற்குரிய தகவல்களை மனம் தற்காலிகமாகத் தாங்கிவைக்கும் திறனைச் செயல்நினைவு என்பர். இளைஞருக்கே அதன் கொள்ளளவு சில உருப்படிகள்தான். வயதாகும்போது அது இன்னும் சுருங்குகிறது. பதற்றத்துக்கான விடையை முதலில் சொல்லி முடித்தால் அந்த இடம் காலியாகி, படிகளுக்குக் கிடைக்கிறது.

ஒவ்வொரு படியிலும் ஒரு செயலும், அது சரியாக நடந்ததற்கான ஓர் அடையாளமும் இருப்பதைக் கவனியுங்கள். Reply அழுத்தினால் வெள்ளைக் கட்டம். கட்டம் திறந்தால் மினுக்கும் கோடு. வார்த்தை அடித்தால் திரையில் எழுத்து. விசைக்குவியம் எங்கே இருக்கிறது என்பதை மினுக்கும் அந்தக் கோடுதான் காட்டுகிறது. குவியம் என்ற கருத்தை அப்பாவுக்கு விளக்காமலே, அதைக் கண்ணால் சரிபார்க்கும் வழியை இந்தப் படிகள் தந்துவிடுகின்றன. அடையாளம் சொல்லாமல் செயலை மட்டும் வரிசைப்படுத்தினால், இரண்டாம் படியில் தவறியவர் அது தெரியாமலே கடைசிப் படிவரை போய்விடுவார். எங்கே தவறியது என்று பிறகு இருவருக்கும் தெரியாது.

Tab பற்றிய வரி ஏன் மூன்றாவதாக வருகிறது, ஏன் மாற்று வழியோடு வருகிறது? உளவியலாளர் டொனால்ட் நார்மன் 1981-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் மனிதச் செயல்பிழைகளை வகைப்படுத்தினார். எண்ணம் சரியாக இருந்து செயல் மட்டும் பிசகுவதை அவர் தனியே பிரித்தார். அதை நழுவல் என்று சொல்லலாம். நன்கு பழகிய ஒரு செயல்தொடர், அதை ஒத்த சூழ்நிலையில் தானே புகுந்து நடத்திக்கொள்வது நழுவல்களில் ஒரு வகை. அப்பாவின் இரண்டாவது Tab இந்த வகையைச் சேர்ந்தது. அறியாதவருக்கு இது நேராது. பல்லாண்டு பழகிய விரலுக்கே நேரும். ஆகவே "Tab தட்டாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் போதாது. பத்தியை உள்தள்ள வேண்டும் என்ற தேவை அப்படியே இருக்கும்போது, விரல் பழைய வழியைத்தான் தேடும். Space ஐந்து முறை என்பது தட்டச்சுப் பயிலகத்துக்கும் அந்நியமில்லாத வழி. அதே தேவையை வேறு விசையால் நிறைவேற்றுவதால் பழக்கத்துக்குப் போக ஒரு பாதை கிடைக்கிறது.

மூன்று மறுப்புகள்

தொலைபேசியில் சொல்லிவிட்டால் ஆயிற்றே, எழுதுவானேன் என்று கேட்கலாம். முதுமையின் நினைவை நெடுங்காலம் ஆராய்ந்தவர் ஃபெர்கஸ் கிரெய்க். எதையும் துணையாகக் காட்டாமல் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லச் சொன்னால் முதியவர்கள் இளையோரைவிட வெகுவாகப் பின்தங்குகிறார்கள். அதையே கண்முன் காட்டி அடையாளம் காணச் சொன்னால் அந்த இடைவெளி பெரிதும் குறைகிறது. தொலைபேசியில் கேட்டது, அடுத்த முறை துணையின்றி எடுக்க வேண்டிய நினைவாகிவிடும். பெட்டியில் இருக்கும் மடலோ, திரையில் உள்ள Reply என்ற சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய துணை. குரலுக்கும் ஓர் இடம் உண்டு: அப்பா முதல் முறை இதைச் செய்யும்போது மகன் மறுமுனையில் இருக்கலாம். ஆனால் படிகளைச் சொல்லாமல், "இப்போது திரையில் என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்பது நல்லது. பார்க்கும் பழக்கம் அப்போதுதான் அப்பாவிடம் படியும்.

"அனுப்புமுன் ஒரு தடவை பாருங்கள்" என்பதே போதாதா என்பது இரண்டாவது மறுப்பு. நம் எடுத்துக்காட்டில் அனுப்பும் நேரம் என்று ஒன்று அப்பாவுக்கு வரவேயில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தார். அனுப்புமுன் பார்ப்பவர், தான் அனுப்பப் போவதை அறிந்தவராக இருக்க வேண்டும். அதனால்தான் மகனின் செய்தி பார்க்கும் வேலையை முதல் சொல்லுக்கு அடுத்து வைக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வரம்பு உண்டு: Tab தட்டிவிட்டு முதல் சொல்லை அடித்து, பார்க்குமுன் Space தட்டினால் மடல் போய்விடும். நான்காம் படி எல்லா நழுவலையும் தடுக்காது. தடுக்காதபோது என்ன செய்வது என்பதற்கே கடைசிப் பத்தி.

மூன்றாவது மறுப்பு கனமானது. மகனே தொலைவிலிருந்து கணினியை இயக்கிச் சரிசெய்துவிடலாம், அல்லது அப்பா குரல்பதிவு அனுப்பிவிடலாம், முதியவரை ஏன் வருத்த வேண்டும் என்பது அது. ஒரு முறைக்கு இது வசதிதான். ஆனால் நழுவலின் காரணம் அப்பாவின் விரல்பழக்கத்தில் இருக்கிறது. வரி அலுவலகத்துக்கோ ஓய்வூதியப் பிரிவுக்கோ எழுதும்போதும் அதுவே நேரும். அங்கே மகன் பதில் எழுதப்போவதில்லை. காலி மடலைப் பெற்ற அலுவலகம் அதைப் பொருட்படுத்தாமலே விடலாம். மேலும், அப்பாவிடம் இல்லாத திறன் எதையும் இந்தப் பதில் கேட்கவில்லை. மொழியறிவும் எழுதும் பயிற்சியும் முதுமையில் நன்றாகவே நிலைக்கின்றன. அவருக்குத் தேவைப்படுவது ஒரு விசையின் புதிய வேலை பற்றிய தகவலும், திரையின் எந்த மூலையைப் பார்ப்பது என்பதும்தான்.

எங்கே செல்லாது, எப்படி அறிவது

இந்தச் செய்தியை அப்படியே எல்லா இடத்துக்கும் பெயர்க்க முடியாது. கைப்பேசியில் Tab விசை இல்லை. அங்கே காலி மடல் போவது பெரும்பாலும் அனுப்பும் அம்புக்குறியின் மேல் விரல் படுவதால். வாட்ஸ்அப்பில் எழுத்து இல்லாதபோது அனுப்பும் பொத்தானே ஒலிவாங்கியாக மாறிவிடும். எழுதிய முழு மடலும் தெரிவாகி, ஒரு விசை பட்டு அழிந்திருந்தால், கட்டம் திறந்திருக்கும்வரை Ctrl, Z இரண்டையும் சேர்த்துத் தட்டி மீட்கலாம். அது வேறு செய்தி. ஆகவே மகன் முதலில் கேட்டறிய வேண்டியது ஒன்றே: "போவதற்கு முன் திரையில் எழுத்தைப் பார்த்தீர்களா?" பார்க்கவில்லை என்றால் இந்தப் பதில் பொருந்தும்.

கற்றது நிலைத்ததா என்பதை, அப்பா மறுபடி காலி மடல் அனுப்புகிறாரா இல்லையா என்று அளக்கக் கூடாது. பழகிய விரல் சில முறையேனும் நழுவத்தான் செய்யும். காலி மடலைத் தொடர்ந்து, யாரும் கேட்காமலே எழுத்தோடு இரண்டாவது மடல் வருகிறதா என்பதே சரியான அளவு. அப்படி வந்தால், நழுவலைக் கண்டுகொள்ளவும் அங்கிருந்து தொடரவும் அப்பா கற்றுவிட்டார். வராவிட்டால் எந்தப் படியின் அடையாளம் அவர் கண்ணில் படவில்லை என்று கேட்டு, செய்தியில் அந்த வரியை மட்டும் மகன் திருத்தி எழுத வேண்டும்.